அட்டஸ்டேஷன் ஆன டிகிரி தொலைஞ்சு போச்சு: கான்சுலேட்டுக்கு எழுதற லெட்டர்ல என்ன கேக்கணும்?

செம்பூர்க்காரி | 2025 ஜூலை 7, இரவு 10.40

தம்பிக்கு அபுதாபியில மெக்கானிக்கல் இன்ஜினியர் வேலை. ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. கான்ட்ராக்ட் போட அட்டஸ்டேஷன் ஆன பி.இ. சான்றிதழ் வேணும்னு கேக்கறாங்க. டிகிரி 2014ல தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துல வாங்கினது. 2019ல ஷார்ஜா வேலைக்குப் போனப்பவே மும்பை யுஏஇ கான்சுலேட் வழியா எல்லாம் பண்ணி வெச்சிருந்தோம். போன வாரம் ஹார்பர் லைன் லோக்கல்ல ஃபைலோட விட்டுட்டான். செம்பூர்ல ஏறி வடாலாவுல இறங்கியிருக்கான், ஃபைல் மேல ரேக்கிலேயே போயிடுச்சு.

கான்சுலேட்டுக்கு ஒரு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். "நீங்கள் 2019ல் சான்றொப்பம் இட்ட என் சான்றிதழ் தொலைந்துவிட்டது, அதற்கு மாற்றுப் பிரதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்"னு. இதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டா போதுமா, வேற ஏதாவது சேக்கணுமா?

தாராவி தங்கராசு | ஜூலை 7, இரவு 11.15

போதும் அக்கா. அவங்க ரெக்கார்ட்ல நம்பர் இருக்கும், அதை வெச்சு டூப்ளிகேட் அடிச்சுக் குடுத்துடுவாங்க. போலீஸ் கம்ப்ளெய்ன்ட் காப்பி மட்டும் வைங்க.

கல்ஃப் ரிட்டர்ன் | ஜூலை 7, இரவு 11.32

துபாய்ல தொலைஞ்சா பர் துபாய்ல இருக்கற இந்தியன் கான்சுலேட்டுக்குத்தான் போகணும். முதல்ல போலீஸ் ரிப்போர்ட், ரெண்டு போட்டோ, பழைய பாஸ்போர்ட் காப்பி…

அண்டாப்ஹில் அக்கா | ஜூலை 7, இரவு 11.36

அவங்க தொலைச்சது ஹார்பர் லைன்ல, பாஸ்போர்ட்டும் இல்ல. கேள்வியை இன்னொரு வாட்டி படிங்க அண்ணா 😀

பழைய பிஆர்ஓ | ஜூலை 8, காலை 7.05

அந்த லெட்டரை அனுப்பாதீங்கம்மா. வாக்கியத்துல தப்பில்லை, கேக்கற பொருள்தான் தப்பு.

கான்சுலேட் உங்களுக்கு எந்தச் சான்றிதழும் குடுக்கலை. பல்கலைக்கழகம் குடுத்த காகிதத்தோட பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி முத்திரை வெச்சாங்க. "இதுக்கு முன்னாடி இருக்கற கையெழுத்து சரியானதுதான்"னு அந்த ஸ்டிக்கர் சொல்லுது, அவ்வளவுதான். காகிதம் போனதும் அது மேல இருந்த ஒப்பமும் போச்சு. ரெக்கார்ட்ல நம்பர் இருக்கலாம், ஆனா நம்பரை வெச்சு பல்கலைக்கழகத்தோட காகிதத்தை அவங்க அச்சடிக்க முடியாது. தங்கராசு தம்பி சொல்றது ரசீது தொலைஞ்சா நடக்கும், டிகிரிக்கு நடக்காது.

வழி இதுதான். பல்கலைக்கழகத்துல டூப்ளிகேட் டிகிரி வாங்கணும். அது மேல மறுபடி முதல்ல இருந்து மாநில உயர்கல்வித் துறையோட எச்ஆர்டி ஒப்பம், இந்திய வெளியுறவு அமைச்சகத்தோட எம்இஏ ஒப்பம், யுஏஇ கான்சுலேட், கடைசியா அங்க போய் யுஏஇ வெளியுறவு அமைச்சகத்தோட மோஃபா ஒப்பம். பழைய முத்திரையில ஒண்ணுகூட புதுக் காகிதத்துக்கு ஏறாது.

அப்போ கான்சுலேட்டுக்கு லெட்டரே வேண்டாமான்னா, வேணும். மாற்றுப் பிரதி கேட்டு இல்ல, டூப்ளிகேட் மேல ஒப்பம் கேட்டு. அந்த லெட்டர் இப்போ போக வேண்டியதில்லை, மூணாவது படியில போகும்.

பழைய பிஆர்ஓ | ஜூலை 8, காலை 7.20

எழுதி முடிச்ச பிறகுதான் தோணுச்சு, இதை முதல்ல கேட்டிருக்கணும். பழைய சான்றிதழோட கலர் ஸ்கேன் இருக்கா? ரெண்டு பக்கமும்?

செம்பூர்க்காரி | ஜூலை 8, காலை 9.48

முன்பக்கம் நல்லா இருக்கு. பின்பக்கம் போன்ல எடுத்தது, வலது ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கு. மோஃபா ஸ்டிக்கரும் இருக்கு, 2019ல ஷார்ஜாவுல இருந்தப்பவே ஒட்டினது.

பழைய பிஆர்ஓ | ஜூலை 8, காலை 10.30

மோஃபா வரைக்கும் முடிஞ்சிருந்தா நிலைமை நீங்க நினைக்கறதைவிட நல்லாத்தான் இருக்கு. வொர்க் பெர்மிட் விண்ணப்பம் முழுக்க ஆன்லைன்தான். கம்பெனியோட விசா, அரசாங்க வேலைகளைப் பாக்கற பிஆர்ஓ சான்றிதழை ஸ்கேன் பண்ணி ஏத்துவார், காகிதத்தை யாரும் கவுன்டர்ல நீட்டறதில்லை. அதனால இன்னிக்கே கம்பெனி எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க: "2019ல் மோஃபா வரை சான்றொப்பம் ஆன சான்றிதழின் இருபக்க கலர் ஸ்கேன் உள்ளது. வொர்க் பெர்மிட் விண்ணப்பத்துக்கு அது போதுமா, அசலை எந்தக் கட்டத்தில் காட்ட வேண்டும்?"

ரெண்டு கேள்வியும் தனித்தனியா இருக்கணும். "ஸ்கேன் ஓகேவா"ன்னு மட்டும் கேட்டா "ஓகே, ஒரிஜினல் கொண்டு வாங்க"ன்னு பதில் வரும், ஒண்ணும் புரியாது.

வெட்டுப்பட்ட ஓரத்துல என்ன போச்சு? ஸ்டிக்கர் நம்பரா?

செம்பூர்க்காரி | ஜூலை 8, காலை 11.02

கான்சுலேட் ஸ்டிக்கர் நம்பர்ல கடைசி ரெண்டு இலக்கம் இல்லை. மோஃபா நம்பர் முழுசா தெரியுது.

பழைய பிஆர்ஓ | ஜூலை 8, காலை 11.10

2019ல பணம் கட்டின ரசீதோ மெயிலோ தேடுங்க, அதுல முழு நம்பர் இருக்க வாய்ப்பிருக்கு. ஏஜென்ட் வழியா பண்ணியிருந்தா அவர்கிட்ட கேளுங்க, பாதி ஏஜென்ட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சிருப்பாங்க. கிடைக்கலைன்னா தெரிஞ்ச இலக்கத்தை மட்டும் போட்டு "கடைசி இரண்டு இலக்கம் தெளிவில்லை"ன்னு லெட்டர்ல எழுதுங்க. ஊகிச்சு நிரப்பாதீங்க. அவங்க தேடறப்போ அந்த நம்பர் வேற யாருடையதாவோ வந்தா உங்க லெட்டர் மொத்தமே சந்தேகத்துக்குப் போயிடும்.

தாராவி தங்கராசு | ஜூலை 8, மதியம் 1.25

சரி, நான் சொன்னது தப்பு. ஆனா இவ்ளோ சுத்து எதுக்கு? இப்போ அப்போஸ்தில் போதுமே. அரசாங்கத்துக்கு 50 ரூபா, ஒரே ஸ்டிக்கர், எந்த எம்பசியும் வேண்டாம். என் மச்சான் சவுதிக்கு அப்படித்தான் போனான்.

சயான் கோலிவாடா | ஜூலை 8, மதியம் 2.10

சவுதி 2022 டிசம்பர்ல அப்போஸ்தில் ஒப்பந்தத்துக்குள்ள வந்துடுச்சு, அதனால உங்க மச்சானுக்கு நடந்தது சரி. ஓமான், பஹ்ரைன் அதுக்கு முன்னாடியே உள்ள இருக்கு. யுஏஇ, கத்தார், குவைத் மூணும் இல்லை. இந்த மூணுக்கும் பழைய எம்பசி வழிதான். விண்ணப்பத்துல எந்த நாட்டுக்குன்னு ஒரு கட்டம் இருக்கும், அங்க யுஏஇன்னு சரியா போட்டிருக்கான்னு பாருங்க. ஏஜென்ட் அவசரத்துல வேற நாடு போட்டு அப்போஸ்தில் வாங்கிட்டு வந்தா மறுபடி முதல் படி.

தாராவி தங்கராசு | ஜூலை 8, மதியம் 2.14

இன்னிக்கு எனக்கு நாள் சரியில்லை.

அண்டாப்ஹில் அக்கா | ஜூலை 8, மாலை 4.50

எச்ஆர்டி மந்திராலயாவுலயே பண்ணிடலாம் இல்ல? சிஎஸ்எம்டியில இறங்கினா நடக்கற தூரம்தான்.

பழைய பிஆர்ஓ | ஜூலை 8, மாலை 5.35

ஆகாதும்மா. நீங்க எங்க குடியிருக்கீங்கங்கறது கணக்கில்லை, டிகிரி குடுத்த பல்கலைக்கழகம் எந்த மாநிலத்துல இருக்குங்கறதுதான் கணக்கு. தமிழ்நாட்டு டிகிரின்னா சென்னை கோட்டையில உயர்கல்வித் துறை. மும்பை பல்கலைக்கழக டிகிரியா இருந்தா மந்திராலயா.

சென்னையில எச்ஆர்டி முடிஞ்சதும் எம்இஏவையும் அங்கேயே முடிச்சுக்கலாம். எம்இஏ ஒப்பத்துக்கு டெல்லிக்கே போக வேண்டிய காலம் போயிடுச்சு, சென்னையிலயும் மும்பையிலயும் அவங்க கிளை இருக்கு. மும்பையில அது பிகேசி விதேஷ் பவன். ஆனா எங்கயுமே நேர்ல போய் நின்னா வாங்க மாட்டாங்க, 2012ல இருந்து அமைச்சகம் நியமிச்ச ஏஜென்சி வழியாத்தான். போர்டுல "எம்இஏ அங்கீகாரம்"னு எழுதி வெச்சவங்க எல்லாம் அந்தப் பட்டியல்ல இல்லை. அமைச்சகத்தோட தளத்துல பேரைச் சரிபாத்துட்டு குடுங்க.

`esanad.nic.in`னு ஆன்லைன் வழியும் இருக்கு. பல்கலைக்கழகம் அதுல சேர்ந்து, உங்க வருஷத்து ரெக்கார்டையும் ஏத்தியிருந்தா மட்டும்தான் அது வேலைக்கு ஆகும். முயற்சி பண்றதுல நஷ்டமில்லை.

செம்பூர்க்காரி | ஜூலை 9, காலை 8.30

எச்ஆருக்கு மெயில் போட்டாச்சு. இப்போ போலீஸ் விஷயம். மும்பை போலீஸ் தளத்துல ஆன்லைன்லயே "லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்" இருக்கே, அதுல போட்டு வர்ற பிடிஎஃப் போதுமா?

சயான் கோலிவாடா | ஜூலை 9, காலை 9.15

சிம் கார்டுக்கு, பான் கார்டுக்கு அது போதும். டூப்ளிகேட் டிகிரிக்குப் போதாமப் போக வாய்ப்பு அதிகம். ஆன்லைன் ரிப்போர்ட்ங்கறது "இவர் இப்படிச் சொன்னார்"னு ஒரு பதிவு, போலீஸ் யாரும் விசாரிக்கலை. டெல்லி, பெங்களூருல இருக்கற ஆன்லைன் வசதியும் இதே மாதிரிதான். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேக்கறது "தேடியும் கிடைக்கவில்லை"ங்கற சான்று, நம்ம ஊர்ல நான்-ட்ரேசபிள் சர்டிஃபிகேட்னு சொல்வாங்களே அது. அதுல ஸ்டேஷன் அதிகாரியோட கையெழுத்தும் முத்திரையும் இருக்கணும்.

இன்னொண்ணு, தொலைஞ்சது ரயில்ல. செம்பூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா "எங்க எல்லை இல்லை"ன்னுதான் சொல்வாங்க. ரயில்வே போலீஸ், ஜிஆர்பிதான் இதுக்கு. அதுக்கும் முன்னாடி 139க்கு போன் பண்ணி ஃபைல் யாராவது ஒப்படைச்சாங்களான்னு கேட்டுடுங்க. டூப்ளிகேட் வந்த பிறகு ஒரிஜினல் கிடைச்சா அதை பல்கலைக்கழகத்துக்குத் திருப்பிக் குடுக்கறேன்னு பிரமாணப் பத்திரத்துல எழுதித் தர வேண்டியிருக்கும்.

பழைய பிஆர்ஓ | ஜூலை 9, காலை 10.05

சயான் சொன்னதுல ஒரு சேர்க்கை. ஜிஆர்பி எழுதிக் குடுக்கறது மராத்தியில இருக்கும். அதை அப்படியே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினா அங்க படிக்க ஆள் இருக்காது, கான்சுலேட்லயும் ஆங்கிலம் அல்லது அரபுதான். இங்கேயே ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து நோட்டரி முத்திரை வாங்கி, மராத்தி அசலோட சேத்து வைங்க. ரெண்டு செட் பண்ணுங்க, ஒண்ணு பல்கலைக்கழகத்துக்கு, ஒண்ணு கான்சுலேட்டுக்கு.

புகார் எழுதறப்போ "ஃபைல் தொலைந்தது"ன்னு மட்டும் எழுத விடாதீங்க. பட்டத்தோட பேர், பல்கலைக்கழகம், சான்றிதழோட வரிசை எண், பதிவெண், பட்டமளிப்பு மாசம் வருஷம் எல்லாம் ரிப்போர்ட்டுக்குள்ளேயே வரணும். "பின்பக்கம் எச்ஆர்டி, எம்இஏ, யுஏஇ கான்சுலேட், மோஃபா ஒப்பங்கள் உள்ளது"ன்னு ஒரு வரியும் இருக்கட்டும். அந்த வரி இல்லைன்னா, ஒப்பம் ஆன காகிதம்தான் தொலைஞ்சதுன்னு கான்சுலேட்டுக்குக் காட்ட உங்ககிட்ட எதுவுமே இல்லை. ஒரு துண்டுத்தாள்ல இதை எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துல எழுதி எடுத்துட்டுப் போய் எழுத்தர் முன்னாடி வெச்சிடுங்க. வாயால சொன்னா எண் மாறும்.

அண்டாப்ஹில் அக்கா | ஜூலை 9, மதியம் 12.20

பிரமாணப் பத்திரத்துக்கு 100 ரூபாய் பேப்பர் வாங்கிக்கோங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே விக்கறாங்க.

சயான் கோலிவாடா | ஜூலை 9, மதியம் 12.41

மகாராஷ்டிராவுல 2024 அக்டோபர்ல இருந்து குறைஞ்சபட்சம் 500 ஆக்கிட்டாங்க அக்கா.

அண்டாப்ஹில் அக்கா | ஜூலை 9, மதியம் 12.50

அரசாங்க ஆபீஸ்ல குடுக்கற பிரமாணப் பத்திரத்துக்கு முத்திரைத்தாளே வேண்டாம்னு பேப்பர்ல படிச்சேனே?

சயான் கோலிவாடா | ஜூலை 9, மதியம் 1.15

அந்த விலக்கு மகாராஷ்டிரா அரசு ஆபீஸ்கள்ல சாதிச் சான்று, வருமானச் சான்று மாதிரி வாங்கறதுக்கு. இவங்க குடுக்கப்போறது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துல. செல்லும் செல்லாதுன்னு நோட்டரிகிட்ட வாதாடி ஒரு நாள் போறதைவிட 500 குடுத்துடலாம்ங்கறது என் எண்ணம்.

அண்டாப்ஹில் அக்கா | ஜூலை 9, மதியம் 1.18

தண்டமா 400 ரூபாய். எனக்கு மனசு வராது.

பழைய பிஆர்ஓ | ஜூலை 10, காலை 6.50

இப்போ லெட்டருக்கு வருவோம். நேத்து ராத்திரி ஒரு வரைவு போட்டேன். தமிழ்ல எழுதியிருக்கேன், நீங்க ஆங்கிலத்துல மாத்திக்கோங்க. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

> பெறுநர்: சான்றொப்பப் பிரிவு, ஐக்கிய அரபு அமீரகத் துணைத் தூதரகம், மும்பை.
>
> பொருள்: தொலைந்த பட்டச் சான்றிதழுக்குப் பதிலாக வழங்கப்பட்ட டூப்ளிகேட் சான்றிதழின் மீது சான்றொப்பம் கோருதல். முந்தைய சான்றொப்ப எண் ____, நாள் ____.
>
> 1. நான் ____ (பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர்), பாஸ்போர்ட் எண் ____. ____ பல்கலைக்கழகத்தில் ____ ஆண்டு பி.இ. பட்டம் பெற்றேன். அந்தப் பட்டச் சான்றிதழின் (வரிசை எண் ____) மீது தங்கள் அலுவலகம் மேற்கண்ட எண்ணில் சான்றொப்பம் வழங்கியது.
>
> 2. அச்சான்றிதழ் ____ அன்று மும்பை புறநகர் ரயிலில் தொலைந்தது. ரயில்வே போலீஸ் அறிக்கை எண் ____, நாள் ____ (ஆங்கில மொழிபெயர்ப்புடன்) இணைப்பு 1.
>
> 3. பல்கலைக்கழகம் ____ அன்று டூப்ளிகேட் சான்றிதழ் (வரிசை எண் ____) வழங்கியுள்ளது. பெயர், பட்டம், வகுப்பு, தேர்ச்சி பெற்ற ஆண்டு ஆகியவற்றில் மாற்றமில்லை. வழங்கிய நாள், வரிசை எண், கையெழுத்திட்ட அலுவலர் ஆகியவை மட்டுமே அசலிலிருந்து வேறுபடுகின்றன. இதன் மீது மாநில உயர்கல்வித் துறையும் வெளியுறவு அமைச்சகமும் முறையே ____, ____ நாட்களில் சான்றொப்பம் அளித்துள்ளன.
>
> 4. அபுதாபியில் ____ பணிக்கான ஒப்பந்தத்துக்கு இச்சான்றிதழ் தேவைப்படுகிறது. பணியில் சேர வேண்டிய நாள் ____. இணைக்கப்பட்டுள்ள டூப்ளிகேட் சான்றிதழின் மீது சான்றொப்பம் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைந்த சான்றிதழ் பின்னர் கிடைத்தால் அதைப் பயன்படுத்த மாட்டேன் என உறுதியளிக்கிறேன்.
>
> இணைப்புகள்: 1. போலீஸ் அறிக்கையும் மொழிபெயர்ப்பும். 2. பழைய சான்றிதழின் இருபக்க நகல். 3. பாஸ்போர்ட் நகல். 4. ஆஃபர் லெட்டர் நகல்.

மூணாவது பத்திதான் உயிர். மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் பழைய நகலையும் புது டூப்ளிகேட்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பார். பழசுல 2014ல இருந்த தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்து, புதுசுல இப்போ இருக்கறவர் கையெழுத்து. தேதி வேற, எண் வேற, மேல "டூப்ளிகேட்"னு முத்திரை. சொல்லாம விட்டா அவர் கண்ணுக்கு இது ரெண்டு வெவ்வேறு சான்றிதழ். நீங்களே முன்கூட்டி எழுதிட்டா அவருக்குக் கேள்வி எழாது.

"ரொம்ப அவசரம், வேலை போயிடும், குடும்பத்துக்கு ஒரே ஆள்" இதெல்லாம் வேண்டாம். சேர வேண்டிய தேதியே அதைச் சொல்லிடும்.

செம்பூர்க்காரி | ஜூலை 10, காலை 9.20

பாஸ்போர்ட்ல உள்ளபடி முழுப்பெயர்னு போட்டிருக்கீங்க. டிகிரியில பேருக்குப் பின்னாடி ஒரே இனிஷியல். பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேமா இருக்கு. 2019ல யாரும் கேக்கலை.

கல்ஃப் ரிட்டர்ன் | ஜூலை 10, காலை 9.55

ஒத்தைப் பேர் இருந்தா யுஏஇக்குள்ள விட மாட்டாங்க! 2022 நவம்பர்ல ரூல் வந்துச்சு. ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பினாங்க.

சயான் கோலிவாடா | ஜூலை 10, காலை 10.12

அது பாஸ்போர்ட்ல ஒரே பேர் மட்டும் இருந்து விசிட் விசாவுல போறவங்களுக்கு. இவங்க தம்பி பாஸ்போர்ட்ல ரெண்டு பேரும் இருக்கு, போறதும் வேலை விசாவுல. சம்பந்தமில்லை.

பழைய பிஆர்ஓ | ஜூலை 10, காலை 11.00

இனிஷியல் நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் இருக்கற தலைவலி. வடக்க இருக்கறவங்களுக்கு "எஸ்"ங்கறது அப்பா பேரோட முதல் எழுத்துன்னு சொன்னாத்தான் தெரியும். 2019ல தாண்டிடுச்சுன்னா இப்பவும் தாண்டலாம், ஆனா இந்தத் தடவை கூடவே போலீஸ் ரிப்போர்ட், பிரமாணப் பத்திரம், டூப்ளிகேட்னு மூணு புதுக் காகிதம் சேருது. ஒண்ணுல இனிஷியல், ஒண்ணுல முழுப்பேர், ஒண்ணுல அப்பா பேர் முன்னாடின்னு இருந்தா அங்கதான் சிக்கும்.

போலீஸ் ரிப்போர்ட்லயும் பிரமாணப் பத்திரத்துலயும் ரெண்டு வடிவத்தையும் எழுதிடுங்க: பாஸ்போர்ட் பேர், அதுக்குப் பக்கத்துல "பட்டச் சான்றிதழில் இவ்வாறு உள்ளது"ன்னு டிகிரி பேர். ரெண்டும் ஒரே ஆள்னு பிரமாணப் பத்திரத்துல ஒரு வரி. டூப்ளிகேட் வாங்கறப்போ பேரை விரிச்சுக் கேக்க ஆசை வரும், கேக்காதீங்க. பேர் மாத்தறது தனி விண்ணப்பம். மேல மூணாவது பத்தியில "பெயரில் மாற்றமில்லை"ன்னு எழுதியிருக்கறதும் அப்புறம் பொய்யாயிடும்.

தாராவி தங்கராசு | ஜூலை 10, மதியம் 3.30

எங்க ஏரியாவுல ஒரு ஏஜென்ட் இருக்கார். ஸ்கேன் குடுத்தா போதும், அஞ்சு நாள்ல ஸ்டிக்கரோட குடுத்துடறேன்னு சொல்றார். கேட்டுப் பாக்கவா?

பழைய பிஆர்ஓ | ஜூலை 10, மதியம் 3.38

வேண்டாம். ஸ்கேன்ல இருந்து அஞ்சு நாள்ல ரெண்டே விதமாத்தான் வரும். ஒண்ணு, கலர் பிரின்ட் மேல போலி ஸ்டிக்கர். அந்த நம்பரை அங்க கம்ப்யூட்டர்ல போட்டா வராது. அபுதாபியில அது போலி ஆவணக் கேஸ், வேலையோட முடியாது. ரெண்டாவது, போட்டோகாப்பியில நோட்டரி கிட்ட "அசலுக்கு ஒத்தது"ன்னு வாங்கி அது மேல ஒப்பம் வாங்கறது. முத்திரை எல்லாம் நிஜமாவே இருக்கும், ஆனா ஒப்பம் நோட்டரி கையெழுத்துக்கு, உங்க டிகிரிக்கு இல்லை. பின்பக்கம் எச்ஆர்டி முத்திரை இல்லாம நோட்டரி முத்திரையில இருந்து ஆரம்பிச்சா அதுதான் இது. பணம் குடுத்தவங்களுக்கு வித்தியாசம் தெரியாது, கம்பெனி பிஆர்ஓவுக்குத் தெரியும்.

தாராவி தங்கராசு | ஜூலை 10, மதியம் 3.45

அப்போ நான் இந்த இழையில ஒண்ணும் சொல்லாம இருக்கறதே நல்லது.

அண்டாப்ஹில் அக்கா | ஜூலை 10, மதியம் 3.52

நீங்க தப்பு தப்பா கேட்டதாலதான் தம்பி எங்களுக்கெல்லாம் விஷயம் தெரியுது. தொடருங்க.

கல்ஃப் ரிட்டர்ன் | ஜூலை 11, காலை 8.05

நான் முதல்ல கேள்வியைத் தப்பா படிச்சேன், சரி. ஆனா அங்க இருக்கறப்போ தொலைஞ்சா என்ன பண்றது? என் ரூம்மேட்டுக்கு ஆச்சு, பாதியிலேயே விட்டுட்டான்.

பழைய பிஆர்ஓ | ஜூலை 11, காலை 8.40

அப்போதான் உங்க பர் துபாய் கான்சுலேட் வரும். அவங்களும் டிகிரி குடுக்க மாட்டாங்க. அங்க போலீஸ் ரிப்போர்ட் எடுத்து, ஊர்ல அப்பாவோ அண்ணனோ உங்க சார்பா டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு அதிகாரப் பத்திரம் எழுதி, இந்தியன் கான்சுலேட்ல ஒப்பம் வாங்கி ஊருக்கு அனுப்பணும். அந்தப் பத்திரத்துல "பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க"ன்னு மட்டும் எழுதினா பாதியில நிக்கும். எச்ஆர்டி, எம்இஏ, யுஏஇ கான்சுலேட் மூணு இடத்துலயும் குடுக்கவும் வாங்கவும்னு ஒரேயடியா எழுதிடணும்.

செம்பூர்க்காரி | ஜூலை 14, இரவு 9.30

எச்ஆர் பதில் வந்துடுச்சு. வொர்க் பெர்மிட்டுக்கு ஸ்கேன் ஏத்திப் பாக்கறாங்களாம், மோஃபா நம்பர் தெளிவா இருக்கறதால பிரச்சினை வராதுன்னு அவங்க பிஆர்ஓ சொல்றார். ஆனா இன்ஜினியர் பதிவுக்கு அசல் வேணும், சேந்த பிறகு மூணு மாசத்துக்குள்ள குடுக்கணுமாம். "வேணும்னா டெக்னீஷியன்னு போட்டு முதல்ல வந்துடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்"னும் எழுதியிருக்காங்க.

பழைய பிஆர்ஓ | ஜூலை 14, இரவு 10.10

முதல் பாதி நல்ல சேதி. மூணு மாசம்கறதை மெயில்லயே தேதியோட உறுதி பண்ணச் சொல்லுங்க.

டெக்னீஷியன் யோசனைக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அங்க வேலைகளுக்குத் திறன் படிநிலை இருக்கு, இன்ஜினியர் டிகிரி கேக்கற மேல் படியில, டெக்னீஷியன் அதுக்குக் கீழ. கான்ட்ராக்ட்ல பதவிப் பேர் ஒண்ணு, கான்சுலேட் லெட்டர்ல நாலாவது பத்தியில வேற ஒண்ணு, ஆஃபர் லெட்டர்ல இன்னொண்ணுன்னு ஆகும். சம்பளமும் அந்தப் பதவிக்கு ஏத்தாப்புல எழுதினா பிறகு ஏத்தறது அவங்க இஷ்டம். ஸ்கேன் ஏத்தி ஒத்துக்கிட்டா இந்தக் கேள்வியே வராது, அதனால முதல்ல அது நடக்கட்டும்.

சயான் கோலிவாடா | ஜூலை 14, இரவு 10.45

இதுல நான் பிஆர்ஓ சாரோட முழுசா ஒத்துப்போகலை. பெரிய கம்பெனியா இருந்தா பதவி மாத்தறது சர்வசாதாரணம். எழுத்துல வாங்கிட்டா போகலாம்.

பழைய பிஆர்ஓ | ஜூலை 14, இரவு 10.52

எழுத்துல குடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க. அங்கேயே பாதி பதில் கிடைச்சுடும்.

அண்டாப்ஹில் அக்கா | ஜூலை 15, காலை 7.40

எனக்கு ஒரு சந்தேகம். "2019ல நாங்கள் ஒப்பம் இட்டது உண்மை"ன்னு கான்சுலேட் ஒரு தாள் எழுதிக் குடுத்தா எச்ஆர் அதை ஏத்துக்குவாங்களே? அதைக் கேட்டு லெட்டர் போடலாம் இல்ல?

பழைய பிஆர்ஓ | ஜூலை 15, காலை 8.30

கேக்கலாம். ஆனா தனி லெட்டரா கேளுங்க, மேல இருக்கறதுல சேக்காதீங்க. ஒரே தாள்ல ரெண்டு கோரிக்கை இருந்தா மறுக்க எளிதானதை மறுத்துட்டு ஃபைலை மூடிடுவாங்க. குடுப்பாங்களான்னா, நான் வேலை பாத்த காலத்துல அப்படி ஒரு தாள் என் கைக்கு வந்ததில்லை. அதுக்காகக் காத்திருந்து டூப்ளிகேட் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீங்க, நாள் ஆகறது பல்கலைக்கழகத்துலதான்.

செம்பூர்க்காரி | ஜூலை 16, மாலை 7.15

ஜிஆர்பி ரிப்போர்ட் கையில வந்துடுச்சு. நீங்க சொன்ன மாதிரி துண்டுத்தாள் எழுதித்தான் எடுத்துட்டுப் போனோம். அப்படியும் சான்றிதழ் எண்ல ஒரு 6 வர வேண்டிய இடத்துல 9 போட்டிருக்காங்க. மராத்தி எண்கள்ல எழுதினதால நாங்க அங்கேயே கவனிக்கலை. மொழிபெயர்க்கறவர்தான் கண்டுபிடிச்சார். மொழிபெயர்ப்புல மட்டும் திருத்திப் போட்டுக்கலாம்னு அவர் சொல்றார்.

பழைய பிஆர்ஓ | ஜூலை 16, மாலை 7.22

கூடவே கூடாது. மொழிபெயர்ப்பு மூலத்துல இருக்கறதைத்தான் சொல்லணும். நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போய் அதே அதிகாரிகிட்ட அடிச்சுத் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்துல கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்க. அப்புறம் மொழிபெயர்ப்பு.

தேவநாகரி ६ம் ९ம் ஒண்ணை ஒண்ணு திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். நாமதான் பாத்துக்கணும்.

தாராவி தங்கராசு | ஜூலை 16, இரவு 8.05

இதை மட்டும் நான் சொல்லியிருப்பேன். நாலாம் வகுப்பு வரைக்கும் மராத்தி மீடியம்.

செம்பூர்க்காரி | ஜூலை 17, மதியம் 1.40

திருத்தி வாங்கியாச்சு. இனிஷியல், முழுப்பேர் ரெண்டும் இருக்கு, பின்பக்க ஒப்பங்கள் பத்தின வரியும் இருக்கு. நாளைக்கு நோட்டரி. 500 ரூபாய் பேப்பர்தான் வாங்கினேன் அக்கா, மன்னிச்சுக்கோங்க.

அண்டாப்ஹில் அக்கா | ஜூலை 17, மதியம் 1.44

😐